ரேடியேட்டர் ஒழுகினால்: ஒட்டுவதா, டேங்க் மாற்றுவதா, புதிதாகவே வாங்குவதா?

ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று தெரிந்ததும் எவ்வளவு செலவாகும் என்று கேட்பதற்கு முன்னால், எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பார்த்துவிடுங்கள். ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா என்பதற்கு முக்கால்வாசிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும். இப்போது ஓடும் பெரும்பாலான கார்களில் ரேடியேட்டரின் நடுப்பகுதி, அதாவது கோர், மெல்லிய அலுமினியக் குழாய்களாலும் அவற்றுக்கு இடையே நெளிநெளியான தகடுகளாலும் ஆனது. அதன் இரண்டு பக்கமும், சில கார்களில் மேலும் கீழும், கறுப்பு பிளாஸ்டிக் டேங்க். டேங்குக்கும் கோருக்கும் நடுவில் ஒரு ரப்பர் கேஸ்கெட்டை வைத்து, கோரின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் அலுமினியப் பற்களை டேங்க் விளிம்பின் மேல் மடக்கி இறுக்கியிருப்பார்கள். ஆக, ஒழுகக்கூடிய இடம் மூன்று: பிளாஸ்டிக், அந்த மடிப்பு, கோர். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

என்னுடைய கார் பதினொரு வயதான பெட்ரோல் ஹேட்ச்பேக். போன சித்திரையில் மதுரையிலிருந்து தேனிக்குப் போகும்போது உசிலம்பட்டி தாண்டியதும் ஏசி வழியாக ஒரு இனிப்பு வாசனை வந்தது, வெல்லப்பாகு லேசாகக் கருகினால் வருமே அந்த மாதிரி. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து பார்த்தால், மேல் ஹோஸ் மாட்டியிருக்கும் கழுத்துக்குப் பக்கத்தில் டேங்கின் மேல் பச்சை நிறத்தில் ஈரம். எஞ்சின் ஆறிய பிறகு துடைத்துவிட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. திரும்ப ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஆனதும் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு, மூன்று சென்டிமீட்டர் நீளம், அதிலிருந்து பொடிப்பொடியாகக் கொப்புளம் வந்தது.

இது முக்கியமான விஷயம். பிளாஸ்டிக் விரிசல் ஆறியிருக்கும்போது மூடிக்கொள்ளும். சூடாகி உள்ளே அழுத்தம் ஏறினால்தான் வாயைத் திறக்கும். ரேடியேட்டரின் மூடியான கேப்பில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பார்கள், அது பார் கணக்கு. வெறும் தண்ணீரே 0.9 பார் அழுத்தத்தில் கிட்டத்தட்ட 118 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் இருக்கும். அதற்காகத்தான் அந்த அழுத்தத்தை உள்ளே அடைத்து வைக்கிறார்கள். அதனால் கேப் இருக்கும் இடத்தில் கைப்பம்பு மாட்டி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனையை, எஞ்சின் கை பொறுக்கும் அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்யச் சொல்லுங்கள். காலையில் சில்லென்று இருக்கும்போது செய்துவிட்டு 'லீக் எதுவும் இல்லை' என்று சொன்னால் நம்ப வேண்டாம். கேப்பில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு ஏற்றிப் பத்து நிமிஷம் விட்டு, முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு அடையாளமும் உண்டு, பலர் இதில் ஏமாந்து போகிறார்கள். எக்ஸ்ட்ரா கூலண்ட் நிற்கும் வெள்ளை பாட்டிலில் அளவு சரியாக இருக்கும், ஆனால் ரேடியேட்டரில் ஒரு லிட்டர் குறைந்திருக்கும். எஞ்சின் ஆறும்போது ரேடியேட்டர் அந்த பாட்டிலிலிருந்து கூலண்ட்டைத் திரும்ப உறிஞ்ச வேண்டும். விரிசல் இருந்தால் அந்த வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும், பாட்டில் அப்படியே நிற்கும். ஆகவே பாட்டிலை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும் காலை நேரத்தில் கேப்பைத் திறந்து கழுத்து வரைக்கும் கூலண்ட் நிற்கிறதா என்று பாருங்கள். சூட்டில் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்டதும் உள்ளே இருப்பது அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும்.

சரி, டேங்க் விரிசலுக்கு என்ன வழிகள் இருக்கின்றன? எனக்குச் சொன்னவை மூன்று.

முதலாவது ஒட்டுவது. ரோட்டோரக் கடையில் இரண்டு டியூப் கலக்கும் எபாக்சி வைத்துத் தருகிறேன் என்றார்கள். ஒட்டுக்கூலி 500, கூலண்ட் 650, மொத்தம் 1,150 ரூபாய். ஒப்புக்கொண்டேன். ஐந்து வாரம் தாங்கியது. ஆறாவது வாரம் அதே இடத்தில் இல்லை, பசை முடிந்த இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி ஒழுகியது.

ஏன் அப்படி ஆகிறது என்பது அந்த டேங்கைக் கழற்றிக் கையில் வாங்கியபோது புரிந்தது. டேங்கின் பக்கவாட்டில் பிஏ66-ஜிஎஃப்30 என்று பொறித்திருக்கும். கண்ணாடி இழை முப்பது சதவீதம் கலந்த நைலான் என்று அர்த்தம். நல்ல பொருள்தான், ஆனால் வருஷக்கணக்கில் சூடான கூலண்ட்டிலேயே ஊறிக் கிடந்தால் நைலான் உள்ளுக்குள் சிதைந்து உறுதி இழக்கும். சூடான கூலண்ட் முதலில் வந்து விழும் மேல் கழுத்துப் பக்கம் அந்தச் சிதைவு அதிகம். என் டேங்கின் அந்தப் பகுதி கறுப்பாக இல்லை, பழுப்படித்துச் சுண்ணாம்பு பூசியது மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டினால் தூள் வந்தது. அடிப்பக்கமோ புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. விரிசல் என்பது அந்த முதுமை முதலில் வெளியே தெரிந்த இடம், அவ்வளவுதான். அதை அடைத்தால் அடுத்த பலவீனமான இடம் பிளக்கும். கூடவே, எபாக்சி விறைப்பானது, டேங்க் ஒவ்வொரு முறை சூடேறும்போதும் விரிந்து ஆறும்போது சுருங்குவது. பசைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் நாள்தோறும் இழுபறி நடந்து, ஓரம் தூக்கிக்கொள்ளும்.

ஒட்டியே ஆக வேண்டிய நிலை என்றால் கொஞ்சம் நன்றாக ஒட்டலாம். விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டால் அது மேலே ஓடாது. விரிசலை V வடிவத்தில் கீறி, நன்றாகக் காய வைத்து, நைலான் கம்பியையே உருக்கி நிரப்பும் பிளாஸ்டிக் வெல்டிங், எபாக்சியைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் அதே பொருள் அதே பொருளோடு சேர்கிறது. சாதாரண பிளாஸ்டிக் கம்பி நைலானில் ஒட்டாது. ஆனால் இதெல்லாம் கல் பட்டோ, மோதியோ உடைந்த புது டேங்குக்குத்தான் பொருத்தம். முதுமையால் வெடித்த டேங்குக்கு என்ன செய்தாலும் அது ஊர் போய்ச் சேரும் வரைக்கும்தான்.

இரண்டாவது வழி, டேங்கை மட்டும் மாற்றுவது. மதுரையில் ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்யும் கடைகள் இருக்கின்றன, அங்கே போனேன். பற்களை நிமிர்த்தி, பழைய டேங்கை எடுத்து, புது கேஸ்கெட் வைத்து, புது டேங்கை உட்கார வைத்து, பற்களைத் திரும்ப மடக்கித் தருவார்கள். 1,900 ரூபாய் சொன்னார்கள். காரிலிருந்து கழற்றி மாட்ட 600, கூலண்ட் 650, ஆக 3,150.

அந்தக் கடைக்காரர் பெரியவர், முப்பது வருஷமாக இதே வேலை. என் கோரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, டேங்க் மாத்தித் தர்றது எனக்கு வியாபாரம்தான். ஆனா இந்தப் பல்லைப் பாருங்க." ஒரு பல்லை இடுக்கியால் மெதுவாக நிமிர்த்தினார். மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. "இது ஒரு தடவை திறந்து மூடினா பிடிக்கும். ரெண்டாவது தடவை கையோட வந்துரும். அப்புறம் அந்த இடத்துல ரப்பர் அமுங்காது, அங்க கசியும்."

டேங்க் மாற்றுவது யாருக்கு லாபம் என்றால், கோர் நன்றாக இருந்து புது ரேடியேட்டர் கிடைக்காத, அல்லது கிடைத்தாலும் யானை விலை சொல்லும் கார்களுக்கு. உற்பத்தி நின்றுபோன மாடல்கள், இறக்குமதி வண்டிகள், பெரிய டீசல் வண்டிகள் எல்லாம் இதில் வரும். மடிப்பில் மட்டும் கசிந்தால், அதாவது பிளாஸ்டிக் நன்றாக இருந்து கேஸ்கெட் மட்டும் கெட்டியாகிப் போயிருந்தால், கேஸ்கெட்டை மாற்றித் திரும்ப மடக்குவதும் நல்ல வழிதான். ஒன்று மட்டும் கவனியுங்கள். கடையில் வேலை முடிந்ததும் கழுத்துகளை ரப்பரால் அடைத்து, காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, கொப்புளம் வருகிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடையில் கேட்காமலே காட்டுவார்கள். ஒரு பக்க டேங்க் வெடித்திருந்தால் மறுபக்க டேங்குக்கும் அதே வயதுதான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது, புது ரேடியேட்டர். கம்பெனி சரக்கு இல்லாமல் வெளிச்சந்தையில் கிடைப்பது எனக்கு 3,800 ரூபாய்க்கு வந்தது. கழற்றி மாட்டும் கூலியும் கூலண்ட்டும் அதே. ஆக டேங்க் மாற்றுவதற்கும் இதற்கும் வித்தியாசம் 1,900 ரூபாய். அந்தப் பணத்துக்குக் கிடைப்பது இரண்டு புது டேங்க், புது கோர், புது மடிப்பு. நான் இதைத்தான் எடுத்தேன். என் அளவுகோல் இதுதான்: டேங்க் மாற்றும் மொத்தச் செலவைப் போல இரண்டு மடங்குக்குள் புதிது கிடைத்தால், பத்து வருஷம் தாண்டிய ரேடியேட்டருக்குப் புதிதே சரி. விலை அதற்கு மேலே போனால் டேங்க் மாற்றுங்கள். ஒட்டு வேலைக்குக் கொடுத்த 1,150 ரூபாயை நான் முதல் நாளே இதில் போட்டிருக்கலாம்.

வெளிச்சந்தை ரேடியேட்டர் வாங்கும்போது பழையதையும் கையோடு எடுத்துப் போய் கோரின் தடிமனை அளந்து பாருங்கள். பழையது 26 மில்லிமீட்டர் இருந்து புதியது 16 என்றால், மாட்டும் இடம் கச்சிதமாகப் பொருந்தினாலும் கத்திரி வெயிலில் ஏசி போட்டு டிராஃபிக்கில் நிற்கும்போது திணறும்.

இனி கோர் ஒழுகலுக்கு வருவோம். இங்கே கேட்க வேண்டியது, வெளியிலிருந்து வந்த அடியா, உள்ளிருந்து வந்த அரிப்பா என்பது. லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த கல் பட்டால் ஒரே ஒரு குழாயில் ஓட்டை, சுற்றியுள்ள தகடுகள் நசுங்கியிருக்கும், மற்றதெல்லாம் நன்றாக இருக்கும். ரேடியேட்டர் புதுசு என்றால் இதைச் சரிசெய்யலாம். அந்த ஒரு குழாயை இரண்டு பக்கமும் நசுக்கி மூடி எபாக்சியால் அடைத்துவிடுவார்கள். பல டஜன் குழாய்களில் ஒன்று போனால் குளிர்ச்சியில் வித்தியாசம் தெரியாது. அலுமினியம் வெப்பத்தில் பிளாஸ்டிக் அளவுக்கு விரிவதில்லை என்பதால் இங்கே எபாக்சி அதிகம் தாங்கும். டிக் வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும், ஒரு ஓட்டையை அடைக்கப் போய்ப் பெரிதாக்கிவிடுவது சுலபம். பழைய பித்தளை ரேடியேட்டருக்கு ஈயம் வைத்து அடைத்த கைப்பழக்கம் அலுமினியத்துக்கு அப்படியே உதவாது.

அரிப்பு என்றால் கதையே வேறு. வருஷக்கணக்கில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டியில் கோர் உள்ளிருந்து அரித்திருக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் தகடுகள் தொட்டால் மாவு மாதிரி உதிரும். இரண்டு மூன்று இடத்தில் வெள்ளை, பச்சைப் பூஞ்சை மாதிரி காய்ந்த கறை இருந்தால் ஒன்றை அடைத்துப் பயனில்லை, அடுத்த மாதம் இன்னொன்று வாய் திறக்கும். அப்போது பேச்சே வேண்டாம், புதிதுதான்.

லீக் அடைக்கும் திரவமோ பொடியோ ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. ஊசிமுனை ஓட்டையை அது அடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதே துகள் ஹீட்டரின் சின்னக் குழாய்களிலும் போய்ப் படியும். நடுக்காட்டில் நின்றால் ஊற்றலாம், பிளாஸ்டிக் விரிசலுக்கு அதுவும் உதவாது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் கியர் ஆயில் ரேடியேட்டர் டேங்குக்குள் போய் ஆறி வருகிற மாதிரி இருந்தால், கூலண்ட் பால் கலந்த ரோஸ் நிறத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். அப்படித் தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் டோ செய்து கொண்டுபோங்கள், கியர்பாக்ஸ் பணம் ரேடியேட்டரைப் போலப் பல மடங்கு.

மாட்டும்போது இரண்டு விஷயம். பழைய ஹோஸ் கழுத்தில் ஒட்டிப் பிடித்திருந்தால் முறுக்கி இழுக்காமல் பிளேடால் கீறி எடுக்கச் சொல்லுங்கள், முறுக்கினால் நல்ல டேங்கின் கழுத்தும் போய்விடும். அடுத்தது, ரேடியேட்டரின் அடியில் உட்காரும் இரண்டு ரப்பர் புஷ். என் வண்டியில் ஒன்றைக் காணவில்லை, முன்பு எப்போதோ கழற்றியபோது விழுந்திருக்கிறது. அந்தப் பக்கம் டேங்க் நேராக இரும்பில் உட்கார்ந்து அன்றிலிருந்து எல்லாக் குலுக்கலையும் வாங்கியிருக்கிறது. விரிசல் வந்ததும் அதே பக்கம்தான். புது கேப்பும் வாங்கிவிடுங்கள். வால்வு சிக்கிய கேப் அழுத்தத்தை வெளியே விடாது, புது டேங்கையும் பிளக்க வைக்கும். எனக்கு 250 ரூபாய் ஆனது.

இப்போது ஏர் எடுப்பது, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது. ஒட்டு வேலை செய்த கடையில் கூலண்ட்டை மளமளவென்று ஊற்றி, கேப்பை மூடி, அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் உருளும் சத்தம். சிக்னலில் நின்றால் சூட்டு முள் மேலே துள்ளும், நகர்ந்தால் இறங்கும். ஹீட்டரைத் திறந்தால் ஐடிலில் வெறும் காற்று, ஆக்சிலரேட்டரை மிதித்தால் சூடு. மூன்றும் உள்ளே காற்று நிற்கிறது என்பதற்கு அடையாளம். சிலிண்டர் ஹெட்டில் காற்றுக் குமிழி நின்றால் அந்த இடம் கூலண்ட் படாமல் காய்ந்துபோகும். அதைவிட மோசம், சென்சார் அந்தக் குமிழிக்குள் இருந்தால் சரியான சூட்டைச் சொல்லாது, ஃபேன் ஓடாது, முள் சாதாரணமாக இருக்கும்போதே ஹெட் வளைந்துவிடும். ரேடியேட்டர் செலவில் முடிய வேண்டியது ஹெட் வேலையில் போய் நிற்கும்.

வேலையின் முதல் படி கூலண்ட்டை இறக்கும்போதே தொடங்குகிறது. வெளியே வந்ததை ஒரு பாத்திரத்தில் பிடித்து அளந்து வையுங்கள். எனக்கு 3.4 லிட்டர் வந்தது, மீதி எஞ்சின் பிளாக்கிலேயே நிற்கும். ஏற்கெனவே ஒழுகிப் போன அளவையும் சேர்த்தால் 4 லிட்டர் திரும்ப உள்ளே போக வேண்டும். 3 லிட்டரோடு நிரம்பிவிட்டது என்று தோன்றினால் மீதி இடத்தில் இருப்பது காற்று. பழைய கூலண்ட்டைச் சாக்கடையிலோ தரையிலோ விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கும், அது விஷம்.

ஊற்றுவது எதை என்றால், கலந்தே விற்கும் கூலண்ட் என்றால் அப்படியே, கெட்டியானது என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் தண்ணீரோடு சரிபாதி. நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, ஆனாலும் அரிப்பைத் தடுக்கும் மருந்து அந்தக் கூலண்ட்டில்தான் இருக்கிறது என்பதால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறக்க வேண்டாம்.

வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்துங்கள், கேப் இருக்கும் இடம் எல்லாவற்றையும்விட உயரமாக வரவேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், அந்தப் பாதையும் திறக்கட்டும். மேல் ஹோஸிலோ, எஞ்சின் சூடாகும் வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வான தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டிலோ காற்றை விடும் ஏர் திருகு இருந்தால் தளர்த்திவிட்டு, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். திருகு வழியாகக் குமிழி இல்லாமல் கூலண்ட் மட்டும் வந்ததும் மூடுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் கழுத்தில் நின்றுகொண்டு நிரம்பியதுபோல் காட்டும். அப்போது மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள், 'கொளக்' என்று குமிழி வந்து மட்டம் இறங்கும், திரும்ப ஊற்றுங்கள்.

பிறகு கேப் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். தெர்மோஸ்டாட் 82லிருந்து 88 டிகிரிக்குள் திறக்கும். அது வரைக்கும் ஒரு ஹோஸ் சூடாகவும் மற்றது குளிர்ச்சியாகவும் இருக்கும். திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், அந்த நேரம் பக்கத்திலேயே நின்று நிரப்ப வேண்டும். குமிழி நின்று, ஹீட்டரில் ஐடிலிலேயே நல்ல சூடு வந்தால் கேப்பை மூடுங்கள். மட்டம் பொங்கி வருகிறது என்றால் அதற்கு முன்பே மூடிவிடுங்கள், கை ஜாக்கிரதை. மூடிய பிறகு ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். எனக்கு இந்த வேலை முக்கால் மணி நேரம் பிடித்தது. ரேடியேட்டரில் கேப்பே இல்லாமல் அழுத்தம் தாங்கும் பாட்டில் மட்டும் இருக்கும் கார்களில் முறை கொஞ்சம் மாறும், அங்கே மேனுவலைப் பார்த்துச் செய்யுங்கள். சில மெக்கானிக்குகளிடம் வேக்கூம் வைத்து நிரப்பும் கருவி இருக்கிறது. முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, அந்த வெற்றிடம் அப்படியே நிற்கிறதா என்று லீக்கும் பார்த்து, பிறகு கூலண்ட்டை இழுக்கும். கிடைத்தால் அதுவே சிறந்தது.

மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது கேப்பைத் திறந்து பாருங்கள். முதல் நாள் கால் லிட்டர் வரை குறைந்திருந்தால் பயமில்லை, ஒளிந்திருந்த குமிழி வெளியே வந்திருக்கிறது, நிரப்பிவிடுங்கள். பாட்டிலில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவில் வைத்து, பேனாவால் அன்றைய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். எனக்கு மூன்றாம் நாளிலிருந்து அளவு அதே கோட்டில் நின்றது, அட்டையும் காய்ந்தே கிடந்தது. உங்களுக்கு அட்டை காய்ந்திருந்தும் ஒரு வாரம் ஆகியும் கூலண்ட் இறங்கிக்கொண்டே இருந்தால், திரும்ப ரேடியேட்டர் கடைக்குப் போகாமல் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.